உங்களுக்குத் தெரியுமா? மெலடோனினை எத்தனை மணிக்கு விழுங்குவது?

★ கடிகாரம், சன்னல், வானொலி, செய்தித்தாள் எதுவும் இல்லாத ஓர் அறையை ஒரு காலத்தில் மதுரையில் கட்டி, அதில் மனிதர்களைக் குடியிருக்கச் செய்து பார்த்தார்கள். தெரியுமா? மதுரை காமராசர் பல்கலைக்கழக வளாகத்தில் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரன் அமைத்த தனிமை ஆய்வுக்கூடம் அது. ஜெர்மனியில் உயிர்க்கடிகார ஆராய்ச்சியைக் கற்று வந்த அவருக்கு 1983இல் பட்நாகர் விருது கிடைத்தது. தாமாக முன்வந்தவர்கள் அந்த அறைக்குள் நாள்கணக்கில் தங்கினார்கள். பசித்தபோது சாப்பிட்டார்கள், உறக்கம் வந்தபோது படுத்தார்கள். வெளியே பகலா இரவா என்று அவர்களுக்குத் தெரியாது. ஆனாலும் அவர்களுடைய தூக்கமும் விழிப்பும் தாறுமாறாகப் போய்விடவில்லை. உடம்பு தனக்கென்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டு ஓடியது. அந்தக் கணக்கு 24 மணி நேரத்துக்குச் சரியாகப் பொருந்தாமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போனது. சிலருக்கு அது வெகுவாக நீண்டே போயிற்று.

இதில் தெரிய வந்தது இரண்டு விஷயம். நம் உடம்புக்குள் ஒரு கடிகாரம் உண்டு. அதைத் தினமும் வெளியுலகத்தோடு நேர்செய்து வைப்பது வெளிச்சம். விமானத்தில் பறந்து போனவருக்கும் ராத்திரி டூட்டி பார்ப்பவருக்கும் வருகிற தொல்லை இந்த நேர்செய்தல் குலைவதால் வருவதுதான். அதை ஒரு மாத்திரையால் சரிசெய்ய முடியுமா என்பதே இந்த வாரக் கேள்வி.

★ சந்திரசேகரனும் அவருடைய மாணவர்களும் வௌவால்களையும் விடவில்லை. சூரிய ஒளி எட்டாத ஒரு குகைக்குள் இலைமூக்கு வௌவால்களைக் கூண்டில் வைத்துப் பார்த்தார்கள். அந்தக் குகையில் மற்ற வௌவால்களும் குடியிருந்தால், கூண்டு வௌவாலும் அந்தி நேரம் பார்த்துச் சரியாக விழித்துச் சிறகடித்தது. கூட்டமே இல்லாத குகையில் தனியாக வைத்தபோது அதன் நேரம் நாளுக்கு நாள் விலகிப்போனது. 1981இல் வெளியான இந்த ஆய்வு உலக அளவில் பேசப்பட்டது. உயிர்க்கடிகாரத்தை நேர்செய்ய வெளிச்சத்தைத் தவிர வேறு சைகைகளும் உண்டு என்பதற்கு மதுரை வௌவால் சாட்சி. மனிதருக்கு அப்படிப்பட்ட ஒரு சைகையை மாத்திரை வடிவில் கொடுக்க முடியும். அதுதான் மெலடோனின்.

★ மெலடோனினை முதன்முதலில் பிரித்தெடுத்தவர் தூக்கத்தை ஆராய்ந்தவர் அல்லர், தோல் மருத்துவர். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஆரன் லெர்னர் ஆயிரக்கணக்கான மாடுகளின் பினியல் சுரப்பிகளைச் சேகரித்து, 1958இல் இந்தப் பொருளைக் கண்டுபிடித்தார். தவளைத் தோலின் நிறத்தை வெளுக்கச் செய்வது எது என்பதுதான் அவர் தேடியது. அது இருட்டின் ஹார்மோன் என்பது பிறகு தெரிய வந்தது. மூளையின் நடுவே பட்டாணி அளவுகூட இல்லாத பினியல் சுரப்பி, நாம் வழக்கமாகப் படுப்பதற்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முன்பே இதைச் சுரக்கத் தொடங்கும். நள்ளிரவைத் தாண்டி உச்சத்துக்குப் போய், விடியும்போது வற்றிவிடும். இடையில் கண்ணில் பலமான வெளிச்சம் பட்டால் சுரப்பு அப்படியே அடங்கிவிடும்.

ஆகவே மெலடோனின் மயக்கித் தூங்க வைக்கும் மருந்து அன்று. "இப்போது இரவு" என்று உடம்புக்குச் சொல்கிற தண்டோரா அது. தண்டோராவைத் தவறான நேரத்தில் போட்டால் ஊரே குழம்பும். இந்த மாத்திரை விஷயத்தில் நடக்கிற தவறுகளில் பாதி நேரத் தவறுதான்.

★ துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ போகிறவர்களுக்கு இந்த மாத்திரை தேவையே இல்லை, தெரியுமா? மதுரை விமான நிலையத்திலிருந்து நேரே போகக்கூடிய ஊர்களில் கொழும்புக்கு நேர வித்தியாசம் கிடையாது. துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால், சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால். இவ்வளவை உடம்பு ஒன்றிரண்டு நாளில் தானே சரிசெய்துகொள்ளும். அங்கே போய்ச் சேர்ந்த முதல் நாள் வரும் அசதி இரவெல்லாம் விழித்திருந்த அசதி, கடிகாரக் கோளாறு இல்லை. ஒரு நல்ல தூக்கம் போட்டால் தீர்ந்துவிடும். ஆராய்ச்சிகளில் மெலடோனின் பலன் தந்தது ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட நேர மண்டலங்களைக் கடந்தவர்களுக்குத்தான். கிழக்கு நோக்கிப் பறந்தவர்களுக்கு அது இன்னும் நன்றாகவே உதவியது.

★ நியூஜெர்சியில் இருக்கும் மகளின் பிரசவத்துக்குப் போகும் ஓர் அம்மாவை எடுத்துக்கொள்வோம். ஜூலை மாதம். ஊர் திருமங்கலம், வயது 60ஐத் தாண்டியிருக்கும். நியூஜெர்சி கோடையில் நம்மைவிட ஒன்பதரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. அங்கே மாலை 4 மணி அடிக்கும்போது அவருடைய உடம்பில் நள்ளிரவு 1.30. சோபாவில் சாய்ந்தால் கண் சொருகிவிடும். அங்கே அதிகாலை 2 மணி என்பது அவருக்கு முற்பகல் 11.30. எழுந்து உட்கார்ந்து அடுப்படியில் ஏதாவது உருட்டிக்கொண்டிருப்பார். மகளும் மருமகனும் அம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயப்படுவார்கள். ஒன்றும் ஆகவில்லை. கடிகாரம் இன்னும் திருமங்கலத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

மேற்கே போகும்போது கடிகாரத்தைத் தாமதப்படுத்த வேண்டும். அங்கே இரவு 10 மணிக்குப் படுக்கப் போகும்போது அவர் சிறிய அளவு மெலடோனின் எடுத்தால், அது அவருடைய உடம்புக் கணக்கில் காலை 7.30. சொந்தச் சுரப்பு வற்றிப்போன நேரம். மாத்திரை வந்து, "இரவு இன்னும் முடியவில்லை" என்று சொல்கிறது. உடம்பு தன் இரவைக் கொஞ்சம் நீட்டிக்கொள்கிறது.

வெளிச்சமும் கூட நின்றால்தான் இது பலிக்கும். உடம்பு வெப்பம் இரவில் மிகவும் தணிவது விடியலுக்கு முன், ஏறத்தாழ 4 மணிக்கு. அதற்கு முந்திய மணிகளில் படும் வெளிச்சம் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளும், பிந்திய மணிகளில் படும் வெளிச்சம் முன்னுக்கு இழுக்கும். நம் அம்மாவின் அதிகாலை 4 மணி நியூஜெர்சியில் மாலை 6.30. ஆகவே முதல் நாள் பிற்பகல் முழுவதும், மாலை 6 மணி வரை, தூக்கம் வந்தாலும் வெளியில் வெளிச்சத்தில் நடமாட வேண்டும். 6.30க்கு மேல் வீட்டுக்குள் மங்கலான விளக்கொளியில் இருக்க வேண்டும். ஜூலையில் அங்கே எட்டரை மணி வரை சூரியன் இருக்கும் என்பதால் திரையை இழுத்து விட்டுக்கொள்வது நல்லது. அந்த எல்லை நாளுக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால் நகரும். மூன்றாம் நாளிலிருந்து மாலை வெயில் முழுவதும் அவருக்கு உதவிதான். இந்தக் கணக்கில் ஒரு வாரத்துக்குள் உடம்பு நியூஜெர்சிக்கு வந்து சேர்ந்துவிடும்.

★ திரும்பி வரும்போதுதான் பலர் ஏமாறுகிறார்கள். கிழக்கே வரும்போது கடிகாரத்தை முன்னுக்கு இழுக்க வேண்டும். உடம்புக்கு அது கடினம். மேற்கே போகும்போது நாளுக்கு ஒன்றரை மணி நேரம் நகர்கிற கடிகாரம், கிழக்கே வரும்போது ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான் நகரும். ஒன்பதரை மணி நேரத்துக்கு ஒன்பது, பத்து நாள் பிடிக்கும்.

ஊர் வந்து சேர்ந்த மறுநாள் அதிகாலையில், உறக்கமும் வரவில்லை, சும்மா படுத்திருப்பானேன் என்று தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கக் கிளம்புபவர்கள் உண்டு. அந்த நேரம் அவர்கள் உடம்பில் முந்தைய இரவு எட்டரை மணி. அந்த வெயில் கடிகாரத்தை முன்னுக்கு இழுப்பதற்குப் பதிலாக இன்னும் பின்னுக்குத் தள்ளும். நியூஜெர்சியின் விடிகாலை 4 மணி என்பது மதுரையில் பிற்பகல் 1.30 ஆகிறது. அதுவரைக்கும் முதல் நாளில் வீட்டு நிழலில் இருந்துவிட்டு, இரண்டு மணிக்கு மேல் வெளிச்சத்தில் உலாவ வேண்டும். நாளுக்கு ஒரு மணி நேரமாக அந்த எல்லையை முன்னால் கொண்டு வந்தால், ஏழெட்டு நாளில் அதிகாலை நடை மறுபடி அவர்களுக்கு ஏற்றதாகிவிடும். மாத்திரையை மதுரை நேரப்படி இரவு 10 மணிக்குப் படுக்கும்போது எடுக்கலாம். பகலில், தூங்கி வழிகிறதே என்று ஒன்று போட்டுக்கொண்டால் காரியம் கெட்டுவிடும். உலகெங்கும் நடந்த சோதனைகளைத் திரட்டி 2002இல் வெளிவந்த காக்ரேன் தொகுப்பாய்வு இதைத் தெளிவாகச் சொல்கிறது: தவறான நேரத்தில் எடுத்த மெலடோனின் தூக்கக் கலக்கத்தைத் தந்து, புது ஊர் நேரத்துக்குப் பழகுவதையும் தாமதப்படுத்தும்.

மூன்று நாளில் திரும்பிவிடும் பயணம் என்றால் இதில் எதுவும் வேண்டாம். ஊர் நேரத்திலேயே உடம்பை விட்டுவிடுவது மேல்.

★ அரை மில்லிகிராம் போதும், தெரியுமா? அதே தொகுப்பாய்வில் 0.5 மி.கி. முதல் 5 மி.கி. வரை கடிகாரத்தைத் திருத்துவதில் ஏறத்தாழ ஒரே பலன். 5 மி.கி. எடுத்தவர்கள் சற்றுச் சீக்கிரம் தூங்கினார்கள், அவ்வளவே. அதற்கு மேல் போனால் கூடுதல் பலன் எதுவும் காணவில்லை. ஆனால் கடையில் கண்ணில் படுவது 3, 5, 10 மி.கி. என்பவைதான். மெலடோனின் ரத்தத்தில் பாதியாகக் குறைய ஒரு மணி நேரம்கூட ஆகாது என்றாலும், 10 மி.கி. விழுங்கினால் பாதியின் பாதியின் பாதிகூட இயற்கையான இரவு அளவைவிட அதிகமாக இருக்கும். காலையில் தலைபாரம், குமட்டல், அரைத்தூக்கம் என்று சொல்பவர்களில் பலர் அளவு கூடியவர்கள். 3 மி.கி. மாத்திரை மட்டும் கிடைத்தால் பாதியாகப் பிட்டுக்கொள்ளலாம். மெதுவாகக் கரையும் வகை என்று அட்டையில் போட்டிருந்தால் பிடக் கூடாது.

★ அட்டையில் போட்டிருக்கும் அளவையும் அப்படியே நம்ப முடியாது. 2017இல் கனடாவில் 31 தயாரிப்புகளைச் சோதித்தார்கள். ஒன்றில் எழுதியிருந்ததைவிட 83 சதவீதம் குறைவு, இன்னொன்றில் 478 சதவீதம் அதிகம். எட்டு தயாரிப்புகளில் சொல்லப்படாத செரடோனினும் கலந்திருந்தது. 2023இல் அமெரிக்காவில் 25 மெலடோனின் கம்மி மிட்டாய்களைச் சோதித்ததில் 22 தவறு, ஒன்றில் மெலடோனினே இல்லை. அமெரிக்காவில் இது மருந்துச் சட்டத்துக்குள் வராத உணவுத் துணைப்பொருள். அதனால்தான் இந்த நிலை. பிரிட்டனில் டாக்டர் சீட்டில்லாமல் தர மாட்டார்கள். நம்மூரில் சீட்டு கேட்காமலே மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கிறது. வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டு வரும் பெரிய பாட்டிலைவிட, மருந்துக் கம்பெனி பெயரும் தொகுதி எண்ணும் போட்ட அட்டையை ரசீதோடு வாங்குவதை நான் பரிந்துரைப்பேன். குறைந்தபட்சம் யாரைக் கேட்பது என்றாவது தெரியும்.

★ இரவுப் பணிக்காரர்களுக்கு மெலடோனின் தரும் கூடுதல் தூக்கம் எவ்வளவு தெரியுமா? ஏறத்தாழ 24 நிமிடம். 2014இல் வந்த இன்னொரு காக்ரேன் தொகுப்பாய்வின் கணக்கு இது. அதற்கான ஆதாரமும் பலமானது அன்று என்று அதை எழுதியவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

காரணம் தெளிவு. ஒரு தனியார் மருத்துவமனையில் இரவு 8 மணிக்கு ஏறி, காலை 8 மணிக்கு இறங்கும் செவிலியரைப் பாருங்கள். வெளியே வந்ததும் மதுரை வெயில் முகத்தில் அறைகிறது. ஸ்கூட்டியில் அரை மணி நேரம் அந்த வெளிச்சத்தில் போகிறார். பகல் தொடங்கிவிட்டது என்று கண் மூளைக்குச் சொல்லியாகிவிட்டது. வீட்டில் பிள்ளைக்குச் சாப்பாடு கட்டி அனுப்பி, பத்து மணிக்குப் படுக்கும்போது தெருவில் ஹார்ன், அறையில் வெக்கை. இத்தனைக்கும் எதிராக ஒரு சின்ன மாத்திரை என்ன செய்துவிட முடியும்? வாரம் ஒரு முறை டூட்டி மாறினால் கடிகாரம் எந்தப் பக்கமும் முழுதாக நகர்வதே இல்லை.

அவருக்கு மெலடோனின் வேண்டவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். தொடர்ந்து பல நாள் இரவுப் பணி என்றால், வீட்டுக்கு வந்து, வண்டியை நிறுத்தி, படுக்கை விரித்த பிறகு 1 முதல் 3 மி.கி. எடுத்துப் பார்க்கலாம். டூட்டி முடியும் முன்பே, "வீட்டுக்குப் போகும்போது வேலை செய்யும்" என்று போட்டுக்கொள்வதுதான் பெரிய ஆபத்து. இரவெல்லாம் விழித்தவரின் கை ஏற்கெனவே தளர்ந்திருக்கும். அதன் மேல் மெலடோனினும் ஏறினால் ரிங் ரோட்டில் ஒரு நொடி கண்ணயர்ந்தாலே போதும். எடுத்தபின் நான்கைந்து மணி நேரம் எந்த வண்டியும் ஓட்டக் கூடாது.

மாத்திரையைவிட அதிகம் தருபவை வேறு. சன்னலுக்குக் கறுப்புத் துணி அல்லது தடித்த போர்வை. டூட்டிக்குப் போகும் முன் மாலையில் ஒன்றரை மணி நேரத் தூக்கம். அதிகாலை 2 மணிக்கு மேல் காபி, டீயை நிறுத்துவது. குடித்த காபியின் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் ரத்தத்தில் இருக்கும் என்பதால், 5 மணிக்குக் கேன்டீனில் குடிக்கும் டீ 10 மணித் தூக்கத்தைக் கெடுத்துவிடும்.

★ மல்லிகைத் தோட்டங்களும் ஷிப்ட் வேலைதான். உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் மொட்டு விரியும் முன் பறித்து மாட்டுத்தாவணிச் சந்தைக்கு அனுப்ப வேண்டும் என்பதால், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே செடிக்குள் இறங்குகிறார்கள். இவர்கள் சிக்கல் இரவுப் பணிக்காரர்களுக்கு நேர் எதிர். இரவு எட்டு மணிக்கெல்லாம் தூக்கம் வர வேண்டும், வருவதில்லை. வீட்டில் டி.வி.யும் டியூப்லைட்டும் பத்து மணி வரை எரிந்தால் பினியல் சுரப்பி எட்டு மணிக்கு எப்படி வேலையைத் தொடங்கும்? இவர்களுக்கு மாத்திரை முதல் வழி அன்று. மாலை ஏழு மணிக்கு மேல் படுக்கும் அறையில் விளக்கை அணைப்பதுதான் முதல் வழி.

★ "தூக்கம் வர ஒரு அவில் கொடுங்க" என்று கேட்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: அது அலர்ஜி மாத்திரை. பெனிரமின், குளோர்பெனிரமின், டைபென்ஹைட்ரமின், டாக்ஸிலமின் என்று சளி, அரிப்பு, பயணக் குமட்டல் மருந்துகளில் இருக்கும் பழைய வகைப் பொருள்கள் எல்லாம் ஒரே குடும்பம். தூக்கக் கலக்கம் அவற்றின் பக்க விளைவு. அந்தப் பக்க விளைவுக்காகவே விழுங்குகிறோம். உடம்புக் கடிகாரத்தை இவை துளியும் நகர்த்தாது. டைபென்ஹைட்ரமினைத் தொடர்ந்து கொடுத்துப் பார்த்த ஆய்வில் நான்காம் நாளே தூக்கக் கலக்கம் மறைந்துவிட்டது. ஆனால் அதன் மற்ற விளைவுகள் அப்படி மறைவதில்லை. வாய் உலர்தல், மலச்சிக்கல், மங்கிய பார்வை எல்லாம் தொடரும். குளோர்பெனிரமின் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். இரவு போட்டது மறுநாள் மாலையிலும் உடம்பில் இருக்கும்.

இவற்றை அறவே தவிர்க்க வேண்டியவர்கள் யார்? முதலில், புராஸ்டேட் வீக்கம் உள்ள ஆண்கள். ஏற்கெனவே முக்கி முக்கிச் சிறுநீர் கழிப்பவருக்கு ஒரு மாத்திரையில் முழுதாக அடைத்துக்கொள்ளும். நள்ளிரவில் அடிவயிறு கல்லாகி, குழாய் செருக ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டி வரும். அடுத்தது, கண்ணில் கோணம் குறுகிய வகைக் கிளாக்கோமா உள்ளவர்கள். கண்ணின் பாப்பா விரிந்து, நீர் வடியும் வழி அடைபட்டு, கண் சிவந்து, கடுமையாக வலித்து, விளக்கைச் சுற்றி வண்ண வளையம் தெரிந்தால் அது அவசர நிலை. கண் மருத்துவமனையில் "உங்களுக்குக் கண் அழுத்தம் இருக்கிறது" என்று ஒரு முறையாவது சொல்லியிருந்தால், சளி மாத்திரை வாங்கும்போதும் அதைச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, 65 வயதைக் கடந்தவர்கள். இவர்களிடம் இந்த மருந்து வெளியேற இன்னும் நேரமாகும். இரவில் எழுந்து பாத்ரூம் போகும்போது தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறிவதும், "அப்பா நேத்து ராத்திரி சம்பந்தமில்லாம பேசினார்" என்று வீட்டார் பதறுவதும் இப்படித்தான் நேர்கின்றன. திடீரென்று மனக்குழப்பம் வந்த முதியவரை டாக்டரிடம் கூட்டிப்போகும்போது, கடந்த இரண்டு நாளில் போட்ட சளி மாத்திரை, இருமல் மருந்தையும் கையில் எடுத்துப் போங்கள். பலமாகக் குறட்டை விட்டு, இடையிடையே மூச்சு நின்று திணறுபவர்களும் தூக்கக் கலக்கம் தரும் எதையும் கேட்காமல் போடக் கூடாது.

★ அல்பிரசோலம், டயசிபாம், சோல்பிடெம் ஆகியவை சீட்டில்லாமல் கொடுத்தாலும் வாங்கக் கூடாதவை. 2014 மார்ச் முதல் இவை எச்1 பட்டியலில் இருக்கின்றன. அட்டையில் சிவப்புக் கட்டமும் சிவப்பு எழுத்தும் இருக்கும். யாருக்கு, எந்த டாக்டர் சீட்டுக்கு விற்றோம் என்று கடைக்காரர் ஏட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். விமானத்தில் தூங்கலாம் என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் இரண்டு மாத்திரை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வளைகுடாவில் இறங்காதீர்கள். அங்கே அவை கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். தூக்கத்துக்கென்று பாலில் அரைத்துக் குடிக்கும் கசகசாவையும் எடுத்துப் போகக் கூடாது. அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் அது தடைசெய்யப்பட்ட பொருள்.

★ அமுக்கரா? மூலிகைதானே என்று பலர் அஸ்வகந்தா மாத்திரைகளை மாதக்கணக்கில் எடுக்கிறார்கள். அதனால் கல்லீரல் பாதிக்கப்பட்டு மஞ்சள் காமாலை வந்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு, நம் நாட்டிலிருந்தும் உண்டு. தைராய்டு சுரப்பைக் கூட்டும் தன்மையும் அதற்கு இருக்கிறது. கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள், கர்ப்பிணிகள் அதைத் தொடக் கூடாது. சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனாலோ, உடம்பெல்லாம் அரித்தாலோ அன்றே நிறுத்த வேண்டும்.

★ சரி, மெலடோனினை யார் தவிர்க்க வேண்டும்? நம் ஊரில் இதய வால்வு மாற்றிக்கொண்டவர்கள் பலர் வார்பரின் அல்லது அசினோகூமரால் எடுத்து, மாதாமாதம் ஐ.என்.ஆர். பார்க்கிறார்கள். அவர்களுக்கு மெலடோனின் ரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டலாம். பல் ஈறில் ரத்தம், காரணமில்லாத நீலத் தழும்பு, கறுப்பாக மலம் என்றால் கடிகாரத்தைப் பற்றிய கவலையை விட்டுவிட்டு டாக்டரிடம் போக வேண்டும்.

வலிப்பு நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் நரம்பியல் டாக்டரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. மாற்றுச் சிறுநீரகம் பொருத்தி, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தில் இருப்பவர்களுக்கும், லூபஸ் போன்ற நோய் உள்ளவர்களுக்கும் இது ஆகாது, ஏனெனில் மெலடோனின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் பாதுகாப்பானது என்று காட்டப்படவில்லை. ரத்த அழுத்தத்துக்கு நிபெடிபின் எடுப்பவர்களுக்கு அழுத்தம் ஏறியதைச் சோதனையில் கண்டிருக்கிறார்கள். மன உளைச்சலுக்கான புளுவாக்ஸமின், தொற்றுக்கான சிப்ரோபிளாக்சசின் இரண்டும் கல்லீரல் மெலடோனினைக் கரைப்பதைத் தடுக்கும். அவற்றோடு எடுத்தால் 3 மி.கி. பல மடங்கு போல வேலை செய்யும்.

சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு நுணுக்கம். மெலடோனின் ரத்தத்தில் நிறைய இருக்கும்போது சாப்பிட்டால் சர்க்கரை வழக்கத்தைவிட ஏறும். இரவு பத்து மணிக்குப் பரோட்டா சாப்பிட்டுவிட்டு உடனே மாத்திரை போடுவது அவர்களுக்கு நல்லதன்று. சாப்பாட்டை எட்டு மணிக்கு முடித்துவிட்டு, இரண்டு மணி நேரம் விட்டு எடுக்க வேண்டும்.

★ குழந்தைகள் கைக்கு எட்டும் இடத்தில் கம்மி மிட்டாய்ப் பாட்டிலை வைக்காதீர்கள். 2012க்கும் 2021க்கும் இடையில் அமெரிக்க நச்சு மையங்களுக்கு வந்த, குழந்தைகள் மெலடோனின் விழுங்கிய புகார்கள் 530 சதவீதம் கூடின. பள்ளி விடுமுறையில் தாத்தா பாட்டி வீட்டுக்கு வரும் பேரப்பிள்ளைக்கு "நேரம் மாறிப்போச்சு, ஒன்று கொடுப்போம்" என்று கொடுக்கவும் வேண்டாம். பிள்ளைகள் வெளிச்சத்தில் ஓடி விளையாடினாலே நான்கைந்து நாளில் பழகிவிடுவார்கள்.

★ வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். அம்மா அப்பாவுக்கு டிக்கெட் போட்ட கையோடு 10 மி.கி. மெலடோனின் பாட்டிலை ஆர்டர் செய்துவிடாதீர்கள். அவர்கள் தினமும் விழுங்கும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் வரிசையாக வைத்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அந்தப் போட்டோவை அவர்களை வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் காட்டி, மெலடோனின் கொடுக்கலாமா, எவ்வளவு என்று கேளுங்கள். கொடுக்கலாம் என்றால், எந்த ஊர் நேரத்தில் எத்தனை மணிக்கு எடுக்க வேண்டும் என்பதைத் தமிழில் ஒரு தாளில் எழுதி, பாஸ்போர்ட்டோடு வைத்து அனுப்புங்கள்.